ஓய்வில் அதே 64, உச்சம் மட்டும் 157: வயதானால் நாடியில் என்ன மாறுகிறது?

மேட்டுநடை

எனக்கு வயது 66. முப்பத்தெட்டு வயதில் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் வாட்ச், மார்புப் பட்டை எதுவும் கிடையாது. மேட்டில் முழு வேகத்தில் ஏறி நின்ற கையோடு கழுத்தில் இரண்டு விரலை வைத்து 10 விநாடி எண்ணுவேன். 31 துடிப்பு வரும். ஆறால் பெருக்கினால் 186. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே எண்ணினால் 66. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

போன மாதம் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டேன். அடைப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை என்றார்கள். அதில் என் உச்சத் துடிப்பு 157. காலை ஓய்வு நாடி இப்போது 64.

28 வருடத்தில் ஓய்வு நாடி வெறும் 2 மாறியிருக்கிறது. உச்சம் 29 இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே இதயத்தின் எண்கள்தானே? வயதானால் இதயம் மெதுவாகிறது என்றால் ஓய்விலும் மெதுவாக வேண்டாமா? அது மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது?

இன்னொரு தொல்லை. வாட்ச் என் உச்சத்தை 154 என்று தானே வைத்துக்கொண்டிருக்கிறது. மேட்டில் ஏறும்போது 150-ஐ நெருங்கினாலே சிவப்பாகி எச்சரிக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். யாரை நம்புவது?

விடியல்ஓட்டம்

ஐயா, இதயமும் ஒரு தசைதான். பயன்படுத்தாத தசை தளர்ந்துபோவது போல அதுவும் தளர்கிறது, அதனால்தான் வேகமாக அடிக்க முடியவில்லை. நான் பத்து வருடமாகப் பலருக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். வாரம் இரண்டு நாள் வேகப் பயிற்சி, ஒரு நாள் மேடு. ஆறு மாதத்தில் 170-ஐத் தொட்டுவிடலாம். ஓய்வு நாடி மாறாததற்குக் காரணம் உங்கள் பழைய உடற்பயிற்சிதான்.

தாள்சுருள்

இதயநோய்ப் பிரிவில் 24 வருடம் டிரெட்மில் பரிசோதனை எடுத்தவள் நான். ஐயா கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி, விளக்கமாகவே எழுத ஆசை. அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் அறிக்கையில் பரிசோதனையை எதற்காக நிறுத்தினார்கள் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விடியல்ஓட்டம் தம்பி, பயிற்சியால் உச்சத் துடிப்பு 170-க்குத் திரும்பும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

மேட்டுநடை

பார்த்துவிட்டேன் அம்மா. "கால் சோர்வு காரணமாக நிறுத்தப்பட்டது" என்று இருக்கிறது. உண்மைதான், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூச்சு இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

தாள்சுருள்

அப்படியென்றால் 157 உங்கள் உச்சம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று கால் அனுமதித்த அளவு அது. வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போகும்போது நாடி ஏறுவது நின்று ஓரிடத்தில் தட்டையானால்தான் உண்மையான உச்சம் என்று எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் வயதுக் கணக்கில் வரும் எண்ணின் 85 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த எண்ணை உச்சம் என்று நினைத்து வீட்டுக்குப் போய் கவலைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பழைய 186-க்கும் இதே கவனம் வேண்டும். 10 விநாடியில் ஒரு துடிப்பு கூடக் குறைய எண்ணினால் 6 மாறிவிடும். நின்றவுடன் நாடி இறங்கத் தொடங்குவதால் கையால் எண்ணுவது பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஆகவே "29 இறங்கியது" என்பதை "ஏறக்குறைய முப்பது" என்று வைத்துக்கொள்வோம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஓய்வில் இருக்கும் இதயம் தன் சொந்த வேகத்தில் அடிப்பதில்லை. அதை ஒரு நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் வேகஸ் நரம்பு, இதயத்துக்கு அது பிரேக். இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறிய திட்டு ஒன்று உண்டு, சைனஸ் கணு என்போம். பிரேக்கையும் எடுத்துவிட்டு, வேகப்படுத்தும் நரம்புகளையும் அட்ரினலினையும் தடுத்துவிட்டால் அந்தக் கணு தானாக எவ்வளவு வேகத்தில் அடிக்கும்? இதை ஜோஸ், கோலிசன் என்ற இருவர் 1970-ல் ஆரோக்கியமானவர்களிடம் அளந்து வெளியிட்டார்கள். அட்ரோபின், ப்ரோப்ரனலால் இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்து அளந்தார்கள். முதலாவது பிரேக்கைத் தடுக்கும், இரண்டாவது அட்ரினலினைத் தடுக்கும். கிடைத்த கணக்கு இது:

```
சொந்த வேகம் = 118.1 − (0.57 × வயது)
```

உங்கள் வயதுகளைப் போட்டுப் பாருங்கள். 38 வயதில் 96. 66 வயதில் 80. அதாவது இதயத்தின் சொந்த வேகம் 16 இறங்கிவிட்டது. நீங்கள் கேட்டீர்களே, வயதானால் இதயம் மெதுவாக வேண்டாமா என்று, அது நடந்துதான் இருக்கிறது. ஆனால் 38 வயதில் 96-ஐ 66 ஆக்க பிரேக் 30 துடிப்பை இழுத்துப் பிடித்தது. இன்று 80-ஐ 64 ஆக்க 16 போதும். கணு மெதுவானது, பிரேக்கும் தளர்ந்தது. ஒன்றை ஒன்று ஈடுகட்டியதால் வெளியே தெரியும் எண் அப்படியே நிற்கிறது.

ஓடும்போது கதை வேறு. அப்போது பிரேக் முழுதாக விலகிவிடும், அதனால் ஈடுகட்ட எதுவும் இல்லை. கணுவின் சொந்த வேகம், அதற்கு மேல் அட்ரினலின் ஏற்றுவது, இவ்வளவுதான் உச்சம். 38-ல் 96-க்கு மேல் 90 ஏறி 186. இப்போது 80-க்கு மேல் 77 ஏறி 157. இறங்கிய 29-ல் 16 சொந்த வேகத்தால், மீதி 13 அட்ரினலினுக்கு இதயம் முன்போல் பதில் சொல்லாததால். இது சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம், உங்கள் கணுவை யாரும் அளக்கவில்லை. தனி ஒருவருக்கு இந்தச் சொந்த வேகமே 14, 15 துடிப்பு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 2008-ல் இளைஞர்களையும் முதியவர்களையும் மருந்து கொடுத்து ஒப்பிட்ட கிறிஸ்டோ, சீல்ஸ் ஆய்விலும் இதே முடிவுதான் வந்தது. உச்சம் குறைவதில் பெரிய பங்கு சொந்த வேகத்துக்கு, மிச்சம் அட்ரினலினுக்கு.

விடியல்ஓட்டம்

அம்மா, விளக்கம் அருமை. ஆனால் கணு ஏன் மெதுவாக வேண்டும்? அதுவும் இதயத் தசைதானே, பயிற்சி கொடுத்தால் அதுவும் வலுவாகாதா? என்னிடம் 60 வயதைத் தாண்டிய ஒருவர் ஓடுகிறார், முதல் ஆறு மாதத்தில் அவர் வாட்சில் உச்சம் 158-லிருந்து 169 ஆனது. கண்ணால் பார்த்தேன்.

தாள்சுருள்

நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கும். முதல் நாள் அவருக்கு உச்சம் வரை தள்ளும் கால் இல்லை, ஆறு மாதம் கழித்து இருந்தது. 169 என்பது முதல் நாளும் அவரிடம் இருந்த எண்தான், அங்கே போய்ச் சேர வழிதான் இல்லாமல் இருந்தது. ஐயாவின் டிரெட்மில் கதையும் அதுவே. இன்னொரு சந்தேகமும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வாட்ச் சில சமயம் ரத்த ஓட்டத்துக்குப் பதில் கால் அடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 168 அடி வைத்து ஓடுகிறவருக்கு நாடியும் 168 என்று சமமாகக் காட்டிக்கொண்டே இருந்தால் மார்புப் பட்டை போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கணு விஷயத்துக்கு வருகிறேன். சுருங்கி விரிகிற வேலை அந்தக் கணுவுக்கு ஏறக்குறைய இல்லை. அதன் செல்களில் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஒரு எல்லையைத் தொட்டதும் துடிப்பு கிளம்புகிறது. உடனே அடுத்த ஏற்றம். வயதாக ஆக அப்படிப்பட்ட செல்கள் குறைந்துகொண்டே போகின்றன, இடையில் நாரும் கொழுப்பும் படிகின்றன, மீதமிருக்கும் செல்களிலும் அந்த ஏற்றம் மந்தமாகிறது. எடை தூக்கினால் பெருக்கும் தசை அல்ல அது. 40 வருடம் விடாமல் ஓடியவர்களுக்கும் உச்சத் துடிப்பு வயதோடு இறங்கத்தான் செய்கிறது.

அட்ரினலின் பக்கம் இன்னும் வியப்பானது. முதியவர் ரத்தத்தில் நார்அட்ரினலின் குறைவாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் கூடுதலாக இருக்கும். காது மந்தமானவரிடம் குரலை உயர்த்துவது போல நரம்பு உரக்கச் சொல்கிறது, அதை வாங்கும் பீட்டா ஏற்பிகள்தான் முன்போல் கேட்பதில்லை.

தம்பி சொன்னதில் சரியான பாதியையும் சொல்லிவிடுகிறேன். உச்சத் துடிப்பு இறங்கினாலும் ஒவ்வொரு அடியிலும் கூடுதல் ரத்தத்தை நிரப்பித் தள்ளி இதயம் ஓரளவு ஈடுகட்டும். பயிற்சி உதவுவது இங்கேதான். ஒரே உச்சத் துடிப்பு உள்ள 66 வயதுக்காரர் இருவரில் பயிற்சி உள்ளவர் மேட்டை வேகமாக ஏறுவார். ஓய்வு நாடியும் பயிற்சியால் இறங்கும்.

துளசிமாடம்

எனக்கும் இதே பிரச்சினைதான், இங்கேயே கேட்டுவிடுகிறேன். வயது 59. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 118-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. போன வருடம் 140 வரை போகும். அந்தச் சொந்த வேகக் கணக்கைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. ஒரே வருடத்தில் எனக்கு மட்டும் இவ்வளவு வயதாகிவிட்டதா? பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன், வேறு எந்த நோயும் இல்லை.

தாள்சுருள்

மெட்டோப்ரோலால் எப்போது தொடங்கினார்கள், அம்மா?

துளசிமாடம்

எட்டு மாதம் முன்பு. முதலில் வேறு மாத்திரை கொடுத்தார்கள், கால் வீங்கியதால் மாற்றினார்கள்.

தாள்சுருள்

அப்படியென்றால் இது வயது அல்ல, மாத்திரை. மேலே சொன்ன பீட்டா ஏற்பிகளை அது அடைத்துவைக்கிறது. ஓய்வு நாடியையும் குறைக்கும், ஓடும்போது ஏறுவதை அதைவிட அதிகமாகக் குறைக்கும். மருந்து தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். வயதால் உச்சம் இறங்குவது வருடத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. ஒரு வருடத்தில் 22 இறங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும், உங்களுக்கு அது கைவசமே இருக்கிறது.

இரண்டு விஷயம். வாட்சில் வரும் வயதுக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் நடுத்தர உழைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாடி ஏறட்டும் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நாடியும் பிபியும் பழைய அளவையும் தாண்டி எகிறலாம். மாத்திரையால் நடப்பதே கடினமாகிறது என்றால் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

அலகுகோல்

வாட்ச் 154 எங்கிருந்து எடுத்தது என்று யாரும் சொல்லவில்லையே. 220-லிருந்து வயதைக் கழித்திருக்கிறது, 220 − 66 = 154. இந்தச் சூத்திரம் எந்தப் பரிசோதனையிலிருந்தும் முறையாகக் கணக்கிட்டு எடுத்தது அல்ல. 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் மூவரும் அதற்கு முன் வந்த சுமார் பத்து ஆய்வுகளின் எண்களை ஒரே படத்தில் போட்டுத் தோராயமாக ஒரு கோடு இழுத்தார்கள். எளிதாக மனதில் நிற்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2001-ல் டனாகா குழுவினர் 351 ஆய்வுகளில் இருந்த 18,712 பேரின் எண்களைத் திரட்டி 208 − (0.7 × வயது) என்று கண்டார்கள். 40 வயதில் இரண்டு சூத்திரமும் ஒரே 180-தான் சொல்லும். அதற்கு மேல் போகப் போக 220 சூத்திரம் முதியவர்களுக்குக் குறைத்துச் சொல்கிறது. ஐயாவுக்கு டனாகா கணக்கில் 162. வாட்சைவிட 8 கூடுதல். ஆகவே வாட்சில் 162 என்று மாற்றிவிடுங்கள், சிவப்பு எச்சரிக்கை அடங்கிவிடும்.

தாள்சுருள்

வரலாறு சரி. 162 என்று மாற்றச் சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். எந்தச் சூத்திரமாக இருந்தாலும் ஒரே வயதுக்காரர்களுக்குள் 10 துடிப்பு இப்படி அப்படி இருப்பது சாதாரணம், 20 தள்ளி இருப்பவர்களும் உண்டு. 70 வயதில் 178 தொட்டவரையும் 50 வயதில் 160-ல் தட்டையாகி நின்றவரையும் ஒரே வாரத்தில் எடுத்திருக்கிறேன், இருவருக்கும் ஈசிஜி சுத்தம். சராசரியை ஒருவரின் எண்ணாக எழுதிவைப்பது தவறு. அளந்தது 157, உண்மை அதற்குக் கொஞ்சம் மேலே. இப்போதைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அலகுகோல்

வாட்ச் ஒரு எண் கேட்கிறதே அம்மா. 157-க்கு மேல் என்று எழுத முடியாது. கால் நிறுத்திய 157-ஐவிட 162 உண்மைக்கு நெருக்கம் என்பதுதான் என் கருத்து.

கிணற்றடி

என் அம்மாவுக்கு 78 வயது. பிபி மெஷினில் நாடி மூன்று வாரமாக 44, 46 என்று காட்டுகிறது. முன்பு 70 இருக்கும். இங்கே படித்ததும் கொஞ்சம் நிம்மதியானது, சொந்த வேகம் வயதோடு இறங்குகிறது என்றால் 78-ல் இது இயல்புதானே? எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறது என்கிறார். இதயத்துக்கோ பிபிக்கோ எந்த மாத்திரையும் இல்லை.

தாள்சுருள்

இல்லை தம்பி, இதை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வு நாடி வயதால் மாறாது என்பதுதான் மேலே பேசியதெல்லாம். ஜோஸ் கணக்கில் 78 வயதின் சொந்த வேகமே 74 வருகிறது. 70-ல் இருந்தவருக்குப் புதிதாக 44 என்றால், கணு நோயுற்றிருக்கலாம், மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகும் வழி அடைபட்டிருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம். கண் இருட்டுவதும் சேர்ந்திருப்பதால் இன்றோ நாளையோ ஈசிஜி எடுத்துவிடுங்கள். மயங்கி விழுந்தாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது. எதிர்ப்பக்கமும் இப்படித்தான், வயதானவரின் ஓய்வு நாடி காரணமில்லாமல் 15, 20 ஏறினால் அதையும் வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

போகும் முன் ஒன்று செய்யுங்கள். மெஷினை நம்பாமல் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இடையிடையே துடிப்பு தவறினால் மெஷின் குறைத்துக் காட்டக்கூடும். 44 உண்மையா, சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

இன்னொரு கேள்வி. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறாரா?

கிணற்றடி

போடுகிறாரே! கண் அழுத்தத்துக்கு, தினம் இரண்டு வேளை. ஒரு மாதம் ஆகிறது. குப்பியைப் பார்த்தேன், டைமலால் என்று இருக்கிறது. கண் மருந்து இதயத்துக்கு எப்படிப் போகும்?

தாள்சுருள்

டைமலாலும் மெட்டோப்ரோலால் போலப் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் பீட்டா பிளாக்கர்தான். சொட்டு கண்ணின் மூக்கோர மூலையில் உள்ள துளை வழியாக மூக்குக்குள் வடிந்து, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலைத் தாண்ட வேண்டும், இதற்கு அந்தத் தடையும் இல்லை. முதியவர்களிடம் இதைக் கேட்கத் தவறுவது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்றால் யாரும் கண் சொட்டைச் சொல்வதில்லை.

நீங்களாக நிறுத்த வேண்டாம், கண் அழுத்தம் ஏறினால் பார்வைக்கு ஆபத்து. குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். இதனால்தான் என்றும் நான் சொல்லவில்லை. கணு ஏற்கெனவே பலவீனமாக இருந்து சொட்டு மருந்து அதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கவும் கூடும். ஈசிஜி கட்டாயம்.

விடியல்ஓட்டம்

அம்மா, ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கணு மெதுவாவதும் பிரேக் தளர்வதும் தற்செயலாக ஒரே அளவில் நடக்கிறதா? இல்லை, ஓய்வு நாடி இந்த அளவில்தான் இருக்க வேண்டும் என்று உடம்பு பார்த்துப் பார்த்துப் பிரேக்கைத் தளர்த்துகிறதா?

தாள்சுருள்

இதில் இரண்டு கட்சியும் உண்டு. ஓய்வில் உடம்புக்குத் தேவையான ரத்தத்தின் அளவு அதிகம் மாறாததால், மெதுவான கணுவுக்கு ஏற்ப மூளையே பிரேக்கைக் குறைத்துக்கொள்கிறது என்பார்கள் சிலர். எனக்கும் அதில் சாய்வு உண்டு. நரம்பும் தன் பங்குக்கு வயதாகித் தளர்கிறது, அது தனிக் கதை என்பார்கள் மற்றவர்கள். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் ஏறி, விடும்போது இறங்குமே, அந்த ஏற்ற இறக்கம் முதியவர்களிடம் சுருங்கிவிடுகிறது. பிரேக் தளர்ந்ததற்கு அது தடயம். ஏன் தளர்ந்தது என்பதை அது சொல்லாது.

கிணற்றடி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஈசிஜியில் அடைப்பு இல்லை, கணுவே மெதுவாக அடிக்கிறது என்றார்கள். இதய மருத்துவர் கண் மருத்துவரிடம் பேசி வேறு வகைச் சொட்டுக்கு மாற்றியிருக்கிறார். இன்று காலை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன், 57. கண் இருட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்த வாரம் 24 மணி நேரப் பதிவுக் கருவி மாட்டப் போகிறார்கள்.

மேட்டுநடை

அம்மாவுக்கு நல்லபடியாக ஆகட்டும் தம்பி.

என் பக்கம்: மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மார்புப் பட்டை வாங்கினேன். கெண்டைக்கால் சரியானதும் பழைய மேட்டிலேயே, பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, மூன்று முறை ஏறினேன். முதல் முறை 155, இரண்டாவது 160, மூன்றாவது 161. மூன்றாவதில் கடைசி 20 விநாடி முழு பலத்தையும் கொடுத்தும் 161-லேயே நின்றது. நின்று சரியாக ஒரு நிமிடத்தில் 134.

அலகுகோல்

நான் சொன்ன 162!

தாள்சுருள்

இந்த முறை சூத்திரம் ஐயாவின் அருகில் வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் தட்டையாக நின்றதுதான் எனக்கு முக்கியம். வாட்சில் 161 என்று போடுங்கள் ஐயா. நோட்டிலும் எழுதுங்கள், மார்புப் பட்டையில் எடுத்தது, மூன்றாவது ஏற்றம் என்ற குறிப்போடு.